படத்தைப் பார்த்து நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி, பைனாகுலர் ஆகியவற்றைப் பிரித்தறிந்து வாங்குவது எப்படி: திருகோணமலையில் இருப்பவர்களுக்கான வழிகாட்டி

திருகோணமலையில் நுணுக்குக்காட்டியோ தொலைகாட்டியோ பைனாகுலரோ வாங்க நினைப்பவர்களில் பலர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குவதில்லை. வேறு ஊரில் இருக்கும் ஒருவர் இணையத்தில் போட்ட படத்தைப் பார்த்து, தொலைபேசியில் விலை பேசி, கூரியரில் வரவழைக்கிறோம். எங்கள் பகுதி மாணவர்களுக்காகச் சில கருவிகளைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஒரே பொருளை ஒருவர் டெலஸ்கோப் என்றும், இன்னொருவர் பைனாகுலர் என்றும், மூன்றாமவர் இரண்டு பெயரையும் சேர்த்தும் விளம்பரப்படுத்தியிருந்ததைக் கண்டேன். விற்பவர்களிடம் கேட்டால், "நல்லாய்த் தெரியும், எடுத்துப் பாருங்கோ" என்பதற்கு மேல் பதில் வரவில்லை. படத்தில் இருப்பது என்ன, அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதைப் படத்திலிருந்தே படித்தறியும் முறையைச் சிறுகச் சிறுகத் தேடித்தான் கற்க வேண்டியிருந்தது. அதே வேலையில் புதிதாக இறங்குபவர் அந்த அலைச்சல் இல்லாமல் முடிவெடுக்கலாம் என்பதற்காக, நான் பின்பற்றும் ஒழுங்கிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. விளம்பரத்தின் பெயரையும் "இத்தனை மடங்கு" என்பதையும் முதலில் ஒதுக்கிவையுங்கள்

விளம்பரத் தலைப்பில் இருக்கும் பெயர் பல சமயங்களில் தேடுபவர்களின் கண்ணில் படுவதற்காகப் போடப்பட்டது. உருப்பெருக்க எண்ணும் அப்படித்தான். 50 மி.மீ. வில்லை உள்ள சிறிய கருவிக்கு 1000 மடங்கு என்று போட்டிருப்பார்கள். பார்வைத்துண்டை, அதாவது கண் வைக்கும் முனையிலுள்ள கண்ணாடியை, மாற்றக்கூடிய கருவியில் வலிமையான ஒன்றைச் செருகினால் உருப்பெருக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம். ஆனால் முன்வில்லையால் பிரித்துக்காட்ட முடியாத நுட்பம் எதுவும் அதனால் புதிதாகத் தெரியப் போவதில்லை. மங்கலான உரு பெரிய மங்கலாக மாறும், அவ்வளவுதான். ஆகவே படத்தை மட்டும் பெரிதாக்கி, அடுத்த படிக்குச் செல்லுங்கள்.

2. பொருளை நோக்கும் கண்ணாடியையும் கண் வைக்கும் கண்ணாடியையும் ஒப்பிடுங்கள்

மூன்று கருவிகளிலும் இரண்டு முனைகள் உண்டு. ஒன்று நாம் கண் வைக்கும் பார்வைத்துண்டு. மற்றது பார்க்கப்படும் பொருளை நோக்கியிருக்கும் பொருளி. இவற்றில் எது பெரிது என்பதைப் படத்தில் பாருங்கள்.

பொருளி பார்வைத்துண்டைவிடப் பெரிதாக இருந்தால் அது தொலைவைப் பார்ப்பதற்கான கருவி. தூரத்திலிருந்து வரும் ஒளி குறைவானது. அதை நம்மால் கூட்ட முடியாது. எனவே அகலமான வில்லையாலோ ஆடியாலோ அதைத் திரட்ட வேண்டியிருக்கிறது. இருட்டில் நன்றாக விரிந்த கண்மணியின் விட்டம் ஏறத்தாழ 7 மி.மீ. என்று கொண்டால், 70 மி.மீ. விட்டமுள்ள வில்லை அதைவிட 100 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. தொலைகாட்டியின் மதிப்பு இந்த விட்டத்தில்தான் தங்கியிருக்கிறது.

பொருளி பார்வைத்துண்டைவிட மிகச் சிறியதாக இருந்தால் அது நுணுக்குக்காட்டி. பார்க்கப்படும் பொருள் வில்லைக்குக் கீழேயே கிடக்கிறது. வெளிச்சத்தை நாமே கொடுக்கிறோம். ஆகவே வில்லை அகலமாக இருக்கத் தேவையில்லை. பொருளை மிக நெருங்கி நிற்பதே அதன் வேலை. 40 என்று பொறித்த பொருளியின் நுனியைக் கவனித்துப் பார்த்தால், அரிசிமணி அளவிலான ஒரு கண்ணாடிப் பொட்டுத்தான் தெரியும். குவியம் சரியாக இருக்கும்போது அந்தப் பொட்டுக்கும், பார்க்கும் பொருளின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடித் துண்டான மூடுவில்லைக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது.

இந்தச் சோதனை பெரும்பாலான படங்களில் ஒரே பார்வையில் முடிவைத் தந்துவிடும். ஆனால் இரண்டு இடங்களில் அது கைவிடும். முதலாவது, முன்பக்கம் கண்ணாடியே இல்லாமல் திறந்த குழாயாகத் தோன்றும் தெறிப்புத் தொலைகாட்டி. அதன் ஆடி குழாயின் அடியில் இருப்பதால் படத்தில் தெரியாது. இரண்டாவது, பூச்சிகளையும் சிப்பிகளையும் பார்க்கும் முப்பரிமாண நுணுக்குக்காட்டி. அதன் கீழ்க்கண்ணாடி சிலவற்றில் பெரிதாகவே இருக்கும். இந்த இரண்டு இடங்களிலும் இன்னொரு கேள்வியைக் கேளுங்கள்: பார்க்கப்படும் பொருளை வைப்பதற்குக் கருவியிலேயே ஒரு மேடை இருக்கிறதா? வில்லைக்கு நேர் கீழே தட்டோ மேடையோ இருந்தால் அது நுணுக்குக்காட்டி. வில்லைக்கு முன்னால் வெளிதான் இருக்கிறது என்றால் அது தொலைவுக்கான கருவி.

மேடை இருக்கிறதா என்று பார்ப்பதால் இன்னொரு குழப்பமும் தீரும். இரண்டு பார்வைத்துண்டுகள் உள்ள நுணுக்குக்காட்டியைச் சிலர் பைனாகுலர் என்று தலைப்பிட்டு விற்கிறார்கள். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம் என்பதுதான் அதன் பொருள். பைனாகுலர் என்றால் பொருளிகளும் இரண்டாக, ஒரே அளவில், வெளியே நோக்கியபடி இருக்க வேண்டும்.

3. நுணுக்குக்காட்டி என்று தெரிந்தால், எந்த வகை என்று பாருங்கள்

மேடைக்கு மேலே சுழலும் தட்டில் மூன்று நான்கு சிறு குழாய்கள் தொங்கினால் அது கூட்டு நுணுக்குக்காட்டி. பாடசாலைப் பாடநூலில் உள்ள வெங்காயத் தோலின் கலங்கள், கன்ன உள்தோல் கலங்கள், குளத்து நீரின் நுண்ணுயிர்கள் ஆகியவற்றைப் பார்ப்பதற்கானது இது. ஒளி மேடையின் கீழிருந்து வந்து பொருளை ஊடுருவ வேண்டும். ஆகவே மெல்லிய, ஒளி புகக்கூடிய பொருளை மட்டுமே இதில் தெளிவாகப் பார்க்க முடியும். மேடைக்குக் கீழே ஆடியோ விளக்கோ படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள்.

சுழலும் தட்டு இல்லாமல், அகலமான தலை ஒன்று மேடையிலிருந்து ஏறக்குறைய ஒரு கையகல உயரத்தில் நின்றால் அது முப்பரிமாண நுணுக்குக்காட்டி. உருப்பெருக்கம் பெரும்பாலும் 20 அல்லது 40 மடங்குதான். அது குறைபாடு ஆகாது. உப்புவெளிக் கடற்கரையின் ஒரு சிட்டிகை மணல், எறும்பின் தலை, பூவின் மகரந்தப்பை போன்ற தடித்த பொருள்களை வெட்டாமல், மேலிருந்து வெளிச்சம் போட்டு அப்படியே பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. கலங்களைப் பார்க்க வேண்டும் என்று நினைத்து இதை வாங்கினால் பயன்படாது. பூச்சியை முழுதாகப் பார்க்க நினைத்துக் கூட்டு நுணுக்குக்காட்டியை வாங்கினாலும் அதே நிலைதான்.

அடுத்ததாகப் பொருளியின் உடலில் பொறித்திருக்கும் எண்களை வாசிக்கக்கூடிய படம் ஒன்றைக் கேளுங்கள். தரமான பாடசாலைக் கருவியில் 4/0.10, 10/0.25, 40/0.65 என்றவாறு இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், அந்த வில்லை எவ்வளவு நுட்பத்தைப் பிரித்துக்காட்டும் என்பதைச் சொல்லுகிறது. அந்த இரண்டாவது எண்ணை 1000ஆல் பெருக்கினால் வருவதே, பார்வைத்துண்டையும் சேர்த்து அந்தப் பொருளியில் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. 40/0.65 என்றால் எல்லை ஏறத்தாழ 650. 10 மடங்குப் பார்வைத்துண்டுடன் 400 மடங்கு கிடைக்கிறது. அது எல்லைக்குள் இருக்கிறது. 25 மடங்குப் பார்வைத்துண்டைப் போட்டு 1000 மடங்கு என்று விளம்பரம் சொன்னால், கூடுதலாக வந்த பெருக்கத்தில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. பொருளியில் ஒரே எண் மட்டும் அச்சிட்டு, உடல் முழுவதும் பிளாஸ்டிக்காக இருந்தால் அது விளையாட்டுக் கருவி என்று கருதலாம்.

100 என்று பொறித்த பொருளி இருந்தால் அதற்குத் தனியாக அமிழ்ப்பு எண்ணெய் வேண்டும். எண்ணெய் இல்லாமல் அதில் தெளிவு கிடைக்காது. சாதாரண தரப் பிள்ளைக்கு அது அவசியமில்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்தை இயங்கும் நுண்குவியத் திருகும் நல்ல மேடைப்பிடியும் உள்ள கருவிக்குச் செலவிடலாம்.

4. பைனாகுலர் என்று தெரிந்தால், இரண்டு எண்களை வகுத்துப் பாருங்கள்

பைனாகுலரின் உடலில் 8x42, 7x50, 10x50 என்றவாறு எழுதியிருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால், பார்வைத்துண்டிலிருந்து கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 7x50இல் அது ஏறத்தாழ 7 மி.மீ.; 8x42இல் 5.25 மி.மீ.; 10x25இல் 2.5 மி.மீ. மட்டுமே. பகல் வெயிலில் 2.5 போதும். விடியற்காலையிலும் அந்தியிலும் கடலைப் பார்ப்பதற்கு ஐந்துக்குக் குறையாமல் எடுங்கள். படகில் ஆடிக்கொண்டே பார்க்கும்போதும் கற்றை அகலமாக இருந்தால் கண் சற்று விலகினாலும் உரு மறையாது.

திருகோணமலையில் பைனாகுலர் தேடுபவர்கள் பலரின் எண்ணத்தில் இருப்பது திமிங்கிலம். கோணேசர் கோவில் பாறையிலிருந்து ஏறத்தாழ 3 கி.மீ. தூரத்தில் ஒரு நீலத் திமிங்கிலம் மூச்சு விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மடங்கு கருவியில் அது 375 மீற்றரில் இருப்பதுபோல் தெரியும். 20 மடங்கில் 150 மீற்றர். எண்ணைப் பார்த்தால் 20தான் நல்லது என்று தோன்றும். ஆனால் 8 மடங்குப் பைனாகுலரில் பார்வைப்புலம் 7 பாகை அளவில் இருந்தால், 3 கி.மீ. தூரத்தில் கடலின் 366 மீற்றர் அகலம் ஒரே பார்வையில் அடங்கும். 20 மடங்குக் கருவியில் 2 பாகை என்றால் 105 மீற்றர்தான் அடங்கும். மூச்சுத்தாரை சில வினாடிகளில் கலைந்துவிடும். எங்கே எழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதைத் தேடிப் பிடிப்பதற்கு அகலமான பார்வைதான் வேண்டும். அத்தோடு கையில் பிடித்துப் பார்க்கும்போது 10 மடங்குக்கு மேலே உரு நடுங்கும். படகில் போகிறவருக்கு 7x50, பாறையிலும் கரையிலும் நிற்பவருக்கு 8x42 என்பதே நான் சொல்லும் தெரிவு.

படத்தில் கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. முன்வில்லைகள் சிவப்பாக, ஆரஞ்சுக் கண்ணாடிபோல் மின்னினால் அதைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல பூச்சு மங்கலான பச்சை அல்லது ஊதா நிறத்தில், கண்ணாடிக்குள் ஆழமாகப் பார்க்க முடிகிற விதத்தில் இருக்கும். சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் உரு நீலம் படிந்து தெரியும். "10-180x100" என்பது போன்ற சூம் எண்களைப் போட்டு, உள்ளங்கையில் அடங்கும் கருவியைக் காட்டும் விளம்பரத்தையும் கடந்து செல்லுங்கள், 100 மி.மீ. வில்லைகள் இரண்டு சேர்ந்தால் அந்தக் கருவியை உள்ளங்கையில் வைக்க முடியாது.

பைனாகுலருக்குள் ஒளியைத் திருப்புவதற்கு அரியம் என்ற கண்ணாடிக் கட்டிகள் இருக்கும். முன்வில்லைகள் பார்வைத்துண்டுகளைவிட ஒன்றுக்கொன்று விலகி, உடல் வளைந்து நிற்பது அரியங்களை அமைக்கும் ஒரு வகை. இரண்டு குழாய்களும் நேராக இருப்பது மற்றொரு வகை. குறைந்த விலையில் வளைந்த உடலுள்ளதே பெரும்பாலும் தெளிவானது.

5. தொலைகாட்டி என்று தெரிந்தால், பார்வைத்துண்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

நீண்ட ஒடுங்கிய குழாய், முன்னால் வில்லை, பின்முனையில் பார்வைத்துண்டு என்றால் முறிவுத் தொலைகாட்டி. அகலமான குழாய், முன்பக்கம் திறப்பு, அந்தத் திறப்புக்கு அருகே பக்கவாட்டில் பார்வைத்துண்டு என்றால் தெறிப்புத் தொலைகாட்டி. குட்டையான பருத்த குழாய், முன்னால் கண்ணாடித் தகடு, அதன் நடுவில் வட்டப் பொட்டு, பார்வைத்துண்டு பின்னால் என்றால் இரண்டும் கலந்த வகை. தெறிப்பு வகையில் பார்வைத்துண்டு வானத்தை நோக்கும் முனைக்கு அருகே இருப்பதால், படத்தில் குழாயைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். அது சரியாகத்தான் இருக்கிறது.

இவை வானத்துக்காகச் செய்யப்பட்டவை. தெறிப்பு வகையில் உரு தலைகீழாகவும், முறிவு வகையில் வழக்கமாக வரும் வளைவுத் துண்டைப் போட்டால் இடம் வலமாகவும் மாறித் தெரியும். சந்திரனுக்கு அது பொருட்டல்ல. துறைமுகத்தில் நிற்கும் கப்பலின் பெயரை வாசிக்க நினைப்பவருக்குப் பெரிய தொல்லை. கரையிலிருந்து பறவையையோ படகையோ பார்ப்பதற்கென்று, சரிவான பார்வைத்துண்டும் றப்பர் உறையும் கொண்டு, 20-60x80 என்று பொறித்து வரும் குட்டையான ஒற்றைக்குழாய்க் கருவி வேறு. அதில் உரு நேராகவே தெரியும். தொலைகாட்டி என்ற பெயரில் இதுவும் விற்பனைக்கு வரும் என்பதால், படத்தில் வானத்துக்கான தாங்கியா, சாதாரண கமரா முக்காலியா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயில் ஒட்டியிருக்கும் சிறு சிட்டையில் `D=70mm F=700mm` என்பது போன்ற வரி இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது குவியத்தூரம், அதாவது வில்லையிலிருந்தோ ஆடியிலிருந்தோ ஒளி குவியும் இடம் வரையான தூரம். குவியத்தூரத்தைப் பார்வைத்துண்டில் எழுதிய எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 25 மி.மீ. பார்வைத்துண்டில் 28 மடங்கு, 10 மி.மீ. பார்வைத்துண்டில் 70 மடங்கு. மில்லிமீற்றர் விட்டத்தின் இரு மடங்கே நடைமுறை எல்லை, 70 மி.மீ. கருவிக்கு 140. பெட்டியில் சிட்டைக்குப் பதிலாக 30070 என்று போட்டிருந்தால், அது பெரும்பாலும் 300 மி.மீ. குவியத்தூரமும் 70 மி.மீ. விட்டமும் என்பதன் சுருக்கம்.

6. ஒரு விளம்பரத்தை முழுமையாகப் படித்துப் பார்ப்போம்

அடிக்கடி காணக்கூடிய வகையில் ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பில் "டெலஸ்கோப் 675x". படத்தில் கருநீலக் குழாய், எதிர்நிறையுடன் கூடிய தாங்கி, மேல்முனைக்கு அருகே பக்கவாட்டில் பார்வைத்துண்டு. சிட்டையைப் பெரிதாக்கினால் `D=114mm F=1000mm`.

பக்கவாட்டுப் பார்வைத்துண்டு இருப்பதால் இது தெறிப்புத் தொலைகாட்டி. 114இன் இரு மடங்கு 228. எனவே 675 என்பதை ஒதுக்கிவிடலாம். அடுத்துத்தான் முக்கியமான அளவு. சாதாரண தெறிப்புத் தொலைகாட்டியில் குழாயின் நீளம் குவியத்தூரத்துக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும்; குழாயின் அகலம் ஆடியின் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, இந்த அளவுக் கருவியில் 140 மி.மீ. அளவில் இருக்கும். அப்படியானால் 1000 மி.மீ. குவியத்தூரமுள்ள குழாய் தன் அகலத்தைப்போல் ஏழு மடங்கு நீளமாக இருக்க வேண்டும். குழாய் பக்கவாட்டில் முழுதாகத் தெரியும் படத்தில் அடிக்கோலை வைத்து அளக்கிறோம்: நீளம் 12 செ.மீ., அகலம் 3.5 செ.மீ. வகுத்தால் 3.4 மட்டுமே வருகிறது. உண்மையான குழாய் அரை மீற்றருக்கும் குறைவு.

சிட்டை பொய் சொல்லவில்லை. குறுகிய குவியத்தூரமுள்ள ஆடியை வைத்து, பார்வைத்துண்டுக் குழாய்க்குள் ஒரு வில்லையைப் பொருத்திக் குவியத்தூரத்தை நீட்டியிருக்கிறார்கள். கருவி சிறிதாகவும் கண்ணைக் கவர்வதாகவும் வரும். ஆனால் மலிவான கருவிகளில் அந்த வில்லையும் ஆடியும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துவது அரிது. உரு மென்மையாகிவிடும், ஆடியை நேராக்கும் வேலை புதியவருக்குப் பெரும் துன்பமாக இருக்கும். அதே விலையில் 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத்தூரமும் எழுதி, படத்தில் ஆறு மடங்கு நீளமாகத் தெரியும் குழாய் கிடைத்தால் அதையே எடுங்கள்.

குழாய் கமராவை நோக்கிச் சரிந்திருக்கும் படத்தில் நீளம் குறுகித் தோன்றும் என்பதால் இந்த அளவை அதில் எடுக்கக் கூடாது. முன்னால் கண்ணாடித் தகடும் பின்னால் பார்வைத்துண்டும் உள்ள கலப்பு வகைக்கும் இது பொருந்தாது. அதில் ஒளி உள்ளேயே மடிந்து செல்வதால் குட்டையாக இருப்பதுதான் இயல்பு.

7. பணம் அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய படங்களும் ஆவணங்களும்

எங்கள் ஊரின் உப்புக்காற்றும் ஈரமும் கண்ணாடிக்குப் பகை. பாவித்த கருவி எந்த ஊரிலிருந்து வந்தாலும் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். முன்பக்க வில்லையினூடாகக் கைவிளக்கை அடித்து, மறுமுனையிலிருந்து எடுத்த படத்தைக் கேளுங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். துடைத்தால் போகாது, உள்ளே கழற்றித்தான் நீக்க வேண்டும், பூச்சை அரித்திருந்தால் நீக்கினாலும் தடம் இருக்கும். சில தூசித் துணிக்கைகளைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

அத்தோடு சிட்டை அல்லது பொறிப்பின் கிட்டப்படம், எல்லாத் துண்டுகளையும் மேசையில் பரப்பி எடுத்த படம் ஆகிய இரண்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். விளம்பரப் படம் உற்பத்தியாளருடையதாக இருக்கலாம். விற்பவரின் வீட்டு மேசையில் எடுத்த படம்தான் நீங்கள் வாங்கப்போகும் பொருளைக் காட்டும்.

பற்றுச்சீட்டில் "டெலஸ்கோப் 1" என்று மட்டும் எழுத விடாதீர்கள். வகை, விட்டம், குவியத்தூரம், பார்வைத்துண்டுகளின் எண்கள், தொடர் இலக்கம் இருந்தால் அதுவும், திருப்பி எடுப்பதற்கான நாள்கள் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். பாடசாலைக்கு வாங்குபவர் விலைக்கூறு கேட்கும் கடிதத்திலேயே இந்த விவரங்களை எழுதிவிடுங்கள். "நுணுக்குக்காட்டி" என்று மட்டும் கேட்டால், விளையாட்டுக் கருவியின் விலைதான் மிகக் குறைந்த விலையாக மேசைக்கு வரும்.

8. விலைக்கு மேல் வரும் செலவு

கருவியின் விலை அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை நீங்களே கேட்டறிவது நல்லது. ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படாத செலவுகள் மாறுவதில்லை. நுணுக்குக்காட்டிக்குக் கண்ணாடி வழுக்கிகள், மூடுவில்லைகள், சாயம், மாற்று விளக்கு ஆகியவை வேண்டும். விளக்கு எந்த வகை, அது இங்கே கிடைக்குமா என்று முன்பே கேளுங்கள். தொலைகாட்டிக்கு உறுதியான தாங்கி இல்லாவிட்டால் நல்ல குழாயும் வீண். படத்தில் முக்காலியின் கால்கள் விரல் தடிப்பில் இருந்தால், சந்திரன் பார்வைக்குள் நிற்காமல் ஆடிக்கொண்டே இருக்கும். இன்னொரு தாங்கிக்கான பணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். மூன்றுக்கும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதிகளும் காற்றுப் புகாத பெட்டியும் தேவை. துணியுறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதே பூஞ்சணத்துக்கு வசதியான இடம்.

தொலைகாட்டியோடு பார்வைத்துண்டில் திருகும் சிறிய கறுப்புச் சூரியக் கண்ணாடி ஒன்றும் சில பெட்டிகளில் வரும். அதை எறிந்துவிடுங்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனுக்கான வடிகட்டி குழாயின் முன்முனையை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும். அது இல்லாமல் எந்தக் கருவியையும், பைனாகுலரையும் சேர்த்து, சூரியனை நோக்கித் திருப்பக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

9. எப்போது வாங்குவது, எங்கே சோதிப்பது

தொலைகாட்டியை ஐப்பசி முதல் மார்கழி வரையான வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் வரவழைத்தால், திருப்பிக் கொடுக்கும் நாள்கள் முகில் மூடிய வானத்தின் கீழ் கழிந்துவிடும். மழை ஓய்ந்த பிறகு, வளர்பிறை அரைச்சந்திரன் வருவதற்கு முந்திய நாள்களில் கையில் கிடைக்குமாறு சொல்லுங்கள். அரைச்சந்திரனின் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலுள்ள கோட்டில் பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். எவ்வளவு திருகியும் இரட்டையாகவோ ஒருபக்கம் இழுபட்டோ தெரிந்தால் ஆடிகளை நேராக்க வேண்டும், அதன் பிறகும் சரிவராவிட்டால் திருப்பி அனுப்பலாம். திமிங்கிலத்துக்கான பைனாகுலர் என்றால் பங்குனிக்கு முன்பே வாங்கிவிடுங்கள். எங்கள் கரையில் அவற்றைப் பார்க்கும் பருவம் மார்ச் அளவில் தொடங்கி ஆகஸ்ட் வரை நீளும். நுணுக்குக்காட்டிக்குக் காலம் பார்க்கத் தேவையில்லை.

பைனாகுலரைச் சோதிக்க, காலை வேளையில் தூரத்து மின்கம்பம் ஒன்றைப் பாருங்கள். உச்சி வெயிலில் காற்று கானலாக அலைவதால் நல்ல கருவியும் கெட்டதுபோல் தெரியும். இரண்டு கண்களாலும் பார்க்கும்போது கம்பம் இரண்டாகப் பிரிந்தாலோ, சில நிமிடங்களில் தலை வலித்தாலோ, உள்ளே அரியம் விலகியிருக்கிறது. இது பொதி அனுப்பும் வழியில் விழுந்த கருவிகளில் வரும் பழுது என்பதால், பெட்டியைத் திறக்கும்போதே தொலைபேசியில் இடைவிடாத காணொளி எடுத்து வையுங்கள். விற்பவருடன் பேசுவதற்கு அதுவே உங்கள் சான்று.

சோதிக்கும் இடத்தையும் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். திருகோணமலையில் கடற்படை, விமானப்படை இடங்கள் அருகருகே இருக்கின்றன. முக்காலியோடு உட்துறைமுகத்தின் பக்கம் நின்றால் கேள்வி கேட்கப்படலாம். தேசிய அடையாள அட்டையையும் பற்றுச்சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். கோட்டைப் பகுதியில் இரவில் மாணவர்களுடன் வானம் பார்க்க நினைத்தால் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். முதல் சோதனைக்கு வீட்டு முற்றமோ பாடசாலை மைதானமோ போதும்.